ஒன்பது தட்டைக் காணோம்! (அல்லது) பட்டாசு ஆலையில் ஈ.ஆர்.பி

குடும்பத் தொழில் நடத்துற இடத்துல ஈ.ஆர்.பி போடப் போற நம்ம பொட்டிதட்டி மக்கள் எல்லாரும் ஒரே பல்லவியைத்தான் பாடுறாங்க. "பழைய ஆளுங்க சார், கம்ப்யூட்டர்னா பயம், மாற மாட்டேங்கறாங்க." அப்புறம் ரெண்டு நாள் ட்ரெய்னிங், ஒரு பவர்பாயிண்ட், மதியம் பிரியாணி. ஆறு மாசம் கழிச்சுப் போய்ப் பார்த்தா சர்வர் மேல தூசி, மேசை மேல அதே பழைய நோட்டு.

தாயில்பட்டி பக்கம் ஒரு பட்டாசு ஆலையில இந்த வேலையா கொஞ்ச காலம் போய் வந்துக்கிட்டு இருந்தேன். தெரியாதவங்களுக்கு: வெம்பக்கோட்டை வட்டாரத்துல, சிவகாசிக்கும் சாத்தூருக்கும் எட்டுற தூரத்துல இருக்கிற ஊர். சுத்திலும் கரிசல் காடு, நடுநடுவே தள்ளித் தள்ளிக் கட்டின சின்னச் சின்ன ரூமுங்க. ஆலை பேரு வேண்டாம். அண்ணன் தம்பி மூணு பேர் நடத்துறாங்க. பெரியவரோட பையன் எஞ்சினியரிங் முடிச்சுட்டு வந்து "இனிமே எல்லாம் சிஸ்டம்ல"ன்னு ஆரம்பிச்சு வச்சவர். எங்களுக்கு முன்னாடியே ஒரு கம்பெனி வந்து, கையைச் சுட்டுக்கிட்டுப் போயிருந்தது. அவங்க எழுதி வச்சுட்டுப் போன அறிக்கையிலயும் அதே பல்லவிதான்.

நான் சொல்ல வர்றது நேர் எதிர். அங்க யாருக்கும் கம்ப்யூட்டர் பயம் கிடையாது. கணக்கப்பிள்ளை டேலியில விரல் பார்க்காம தட்டுறவர். 2017 ஜூலையில ஜி.எஸ்.டி வந்தப்போ பட்டாசுக்கு 28 சதவீதம்னாங்க, அதே வருஷம் நவம்பர்ல 18-ஆக் குறைச்சாங்க. அடுத்த வருஷம் ஈ-வே பில். இத்தனையையும் அந்த மனுஷன் எந்த கன்சல்டன்ட் துணையும் இல்லாம சமாளிச்சிருக்கார். அவரைப் போய் மாற்றத்துக்குப் பயப்படுறவர்னு சொன்னா எப்படி?

அப்ப எதுக்கு முரண்டு பிடிச்சாங்க? ஒன்பது தட்டுதான் காரணம். சொல்றேன்.

பட்டாசு வேலையில பெரும்பாலும் பீஸ் ரேட் கூலி. குழாய் உருட்டுறது, மருந்து செலுத்துறது, திரி வைக்கிறது, சரம் பின்னுறது, பெட்டி போடுறது, எல்லாத்துக்கும் எண்ணிக்கைக்கு இவ்வளவுன்னு கணக்கு. யார் எவ்வளவு செஞ்சாங்கன்னு சாயங்காலம் போர்மேன் தன் நோட்டுல எழுதுவார். சனிக்கிழமை அந்த நோட்டு கணக்கப்பிள்ளைகிட்ட போகும். அவர் பெருக்கிக் கூட்டிக் கூலி குடுப்பார். கணக்கு அவ்வளவுதான். நம்ம ஆளு இதைப் பார்த்த உடனே "ஆஹா, இது ப்ரொடக்‌ஷன் என்ட்ரி"ன்னு எழுதிக்கிட்டுப் போயிடுவாரு. முதல் கம்பெனியும் அதைத்தான் செஞ்சது. நோட்டுல இருக்கிற எண்ணை அப்படியே சிஸ்டத்துல ஏத்து, அதுவே கூலிக்கும் கணக்கு, சரக்கு இருப்புக்கும் கணக்கு. ஒரு தடவை எழுதினா நாலு இடத்துல மாறும், அதானே ஈ.ஆர்.பியோட அழகே!

ஆனா அந்த நோட்டு உற்பத்திக் கணக்கு இல்ல. அது எப்படின்னு ஒரு உதாரணத்தோட பார்த்தாத்தான் விளங்கும். எண்ணெல்லாம் புரியிறதுக்காக நான் உருட்டி வச்சது. அலகுக்கு 'தட்டு'ன்னு வச்சுக்குவோம்.

ஒரு அக்கா நாளைக்கு 12 தட்டு செய்யறாங்க, தட்டுக்கு 40 ரூபாய். வாரத்துல 6 நாள், 72 தட்டு, 2880 ரூபாய். இப்ப ஒரு வாரம் மழை. பட்டாசு ஆலையில மழைன்னா சும்மா இல்ல. செஞ்ச சரக்கு காயாது, ஈரம் பட்ட மருந்தை வச்சு விளையாட முடியாது, இடி மின்னல்னா வேலையை நிறுத்திட்டு எல்லாரையும் வெளிய அனுப்பணும். 3 நாள் வேலை போச்சு. அந்த அக்கா செஞ்சது 36 தட்டு, கூலி 1440. வீட்டு வாடகை, குழுக் கடன் தவணை எதுவும் மழைக்காகக் காத்திருக்காது. அதனால போர்மேன் என்ன பண்ணுவார்? 36-க்குப் பதிலா 45-ன்னு எழுதுவார். 1800 ரூபாய் கைக்கு வரும். அந்த 9 தட்டை அடுத்த மூணு வாரத்துல வாரம் மூணா கழிப்பார். அதாவது 72 செஞ்சா 69-ன்னு எழுதுவார். மாசக் கடைசியில கணக்கு நேர். முதலாளிக்கு ஒரு பைசா நஷ்டம் இல்ல. ஒரு பேப்பர்லயும் கையெழுத்து இல்லாம, வட்டி இல்லாம ஒரு கைமாத்து நடந்து முடிஞ்சிருக்கு. பெரிய முதலாளிக்கும் இது அரசல்புரசலாத் தெரியும். கேட்டுக்கிட்டது இல்ல, அவ்வளவுதான்.

இப்ப இந்த நோட்டை அப்படியே ஈ.ஆர்.பியில ஏத்துங்க. உற்பத்தி 45. பேக்கிங் ரூம்ல எண்ணினா 36. சிஸ்டம் சிவப்பு எழுத்துல சொல்லும்: 9 தட்டைக் காணோம். ஒரு ஆளுக்கு 9. அந்த ரூம் வரிசையில 20 பேர்னா 180 தட்டு. சின்ன முதலாளி அந்த ரிப்போர்ட்டைக் கையில பிடிச்சுக்கிட்டு நேரா போர்மேன்கிட்ட போனார். "என்ன அண்ணாச்சி, 180 தட்டு எங்க போச்சு?"

இருபது வருஷத்துக்கு மேல அந்த ஆலையில இருந்த மனுஷன். அவரைப் பார்த்துத் திருடன்னு யாரும் சொல்லல, ஆனா கேள்வி அதுதானே? அவர் பதில் சொல்லல. சாவியை மேசையில வச்சுட்டு வீட்டுக்குப் போயிட்டார். மூணு நாள் வரல. பெரிய முதலாளியே போய்க் கூட்டிட்டு வந்தார். அதுக்கப்புறம் அந்த ஆலையில யாரு அந்தத் திரையில ஒழுங்கா எண் போடுவா? எல்லாரும் சிஸ்டம் என்ன கேக்குமோ அதைப் போட ஆரம்பிச்சாங்க. உற்பத்தி 72, பேக்கிங் 72, எல்லாம் அழகாப் பொருந்தும். உண்மை மட்டும் நோட்டுல இருக்கும்.

இதுல வேடிக்கை, அந்த 180 தட்டு திருடு போகலைங்கறதை அதே சிஸ்டத்தை வச்சே கண்டுபிடிச்சிருக்கலாம். 45 தட்டு செஞ்சதா எழுதினா, செய்முறைப் பட்டியல்படி 45 தட்டுக்கான காகிதமும் திரியும் செலவானதா சிஸ்டம் கழிச்சுக்கும். உண்மையில செலவானது 36-க்குத்தான். அப்ப ஸ்டோர்ல எண்ணிப் பார்த்தா காகிதமும் திரியும் கணக்கை விடக் கூடுதலா இருக்கணும். இருந்துச்சு! செஞ்ச சரக்கு கம்மி, அதே அளவுக்குக் கச்சாப் பொருள் மிச்சம்னா அந்தச் சரக்கு பிறக்கவே இல்ல, எழுத்துல மட்டும்தான் பிறந்திருக்குன்னு அர்த்தம். சரக்கும் கம்மி, கச்சாப் பொருளும் மிச்சமில்லைன்னாத்தான் யாரையாவது கேள்வி கேக்கணும். இந்த ஒரு பாடத்தை ட்ரெய்னிங்ல சொல்லிக் குடுத்திருந்தா ஒரு மனுஷனோட மானம் தப்பிச்சிருக்கும். அதுக்குப் பதிலா பாஸ்வேர்டு மாத்துறது எப்படின்னு அரை மணி நேரம் வகுப்பு எடுத்தாங்களாம்.

சரி, இதுக்கு என்ன செய்யறது? ஒரே எண்ணுல ரெண்டு கணக்கு ஒட்டிக்கிட்டு இருக்கு, அதைப் பிரிக்கணும். செஞ்சது 36, அது உற்பத்தி. குடுத்தது 360 ரூபாய் கூடுதல், அது முன்பணம். சிஸ்டத்துல 'மழை முன்பணம்'னு ஒரு வகையைத் திறந்தோம். போர்மேன் ஒரு ஆளுக்கு வாரத்துக்கு இவ்வளவு வரை தானே எழுதலாம், யாரையும் கேக்க வேண்டாம். அதைத் தாண்டினாத்தான் முதலாளி கையெழுத்து. அடுத்த மூணு வாரக் கூலியில 120, 120, 120-னு தானா கழியும். போர்மேன் கையில இருந்த அதிகாரம் அவர் கையிலயே இருக்கு. முன்னாடி அது மறைவா இருந்துச்சு, இப்ப அதுக்கு ஒரு பேரு இருக்கு.

அவர் ஒத்துக்கிட்டாரா? உடனே இல்ல. "தம்பி, எழுதிட்டா அப்புறம் அதைக் காட்டி நிறுத்திருவாங்க"ன்னார். நியாயமான பயம். மறைவா நடக்குற வரைக்கும் தர்மம், பேப்பர்ல வந்தா செலவு, செலவுன்னா வெட்டுவாங்க. அதனால அந்த வரம்பை மென்பொருள்ல போடுறதுக்கு முன்னாடி பெரிய முதலாளி வாயால போர்மேன் முன்னாடி சொல்ல வச்சோம்: "மழைக்குக் குடுக்கறதை நிறுத்த மாட்டேன். அதுக்குன்னு ஒரு தொகையை ஒதுக்குதேன்." அந்த ஒரு வாக்கியத்துக்கு எங்க மொத்த மாட்யூலையும் விட மதிப்பு ஜாஸ்தி. குடும்பத் தொழில்ல முதலாளி சொல்லுதான் கான்ஃபிகரேஷன். நாம திரையில பண்றதெல்லாம் அதுக்கப்புறம்தான்.

அடுத்தது டேப்லட் கதை. முதல் கம்பெனி ஒவ்வொரு ரூம் வாசல்லயும் டேப்லட் வச்சு, பார்கோடு தட்டி என்ட்ரி போடலாம்னு திட்டம் போட்டிருந்தாங்க. படிக்கும்போதே சிரிப்பு வரல? மருந்து புழங்குற இடத்துக்குள்ள கைப்பேசியே கொண்டு போகக் கூடாது. வாசல்லயே வாங்கி வச்சுடுவாங்க. அங்க போய் பேட்டரி வச்ச கண்ணாடிப் பலகையை நீட்டினா? "நம்ம தொழில் என்னன்னே தெரியாத பயலுவ"ன்னு முதல் நாளே முத்திரை குத்திட்டாங்க. அதுக்கப்புறம் அவங்க என்ன நல்லது சொல்லியிருந்தாலும் எடுபட்டிருக்காது. ஆக, அந்த இடத்துல ஈ.ஆர்.பியோட கடைசி முனை காகிதமாத்தான் இருக்கணும். காலையில ஆபீஸ்ல ரூமுக்கு ஒரு சீட்டு பிரிண்ட் ஆகும். சாயங்காலம் போர்மேன் பேனாவால எண்ணை எழுதித் திருப்பிக் குடுப்பார். ஆபீஸ்ல ஒரு பிள்ளை ஏத்தும். அசிங்கமான வழிதான், ஆனா வேலை செய்யற வழி.

அந்தச் சீட்டுதான் கடைசியில போர்மேனை எங்க பக்கம் இழுத்துச்சு. அது நாங்க எதிர்பார்த்த காரணத்துக்காக இல்ல.

பட்டாசு ஆலையில ஒவ்வொரு ரூமுக்கும் உரிமத்துலயே கணக்கு உண்டு. இத்தனை பேர்தான் உக்காரலாம், இத்தனை கிலோ மருந்துதான் வச்சிருக்கலாம்னு. நாக்பூர் உரிமம், சென்னை உரிமம், டி.ஆர்.ஓ உரிமம்னு ஊர்ல பேசிக்கிறது எல்லாமே அடிப்படையில எவ்வளவு வச்சுக்கலாம்ங்கற கதைதான். சீசன் நேரத்துல இந்த அளவு மீறுறதுதான் பல விபத்துல முதல்ல வெளிய வர்ற விஷயம். 2021 பிப்ரவரி 12, அச்சங்குளம். 20 பேருக்கு மேல செத்துப் போனாங்க. ஒரு ஆலையோட ரூம்களைப் பல பேருக்கு உள்குத்தகைக்கு விட்டிருந்தது அப்ப பெரிசாப் பேசப்பட்டது. அதுக்கு முன்னாடி 2012 செப்டம்பர்ல முதலிப்பட்டி. இந்தப் பக்கத்துல வேலைக்குப் போற வீட்டுல இந்தப் பேருங்களைச் சத்தமாச் சொல்ல மாட்டாங்க.

விபத்து நடந்தா செய்தியில பாருங்க, கைதானவங்க வரிசையில போர்மேன் இருப்பார். "ரெண்டு கிலோ கூடப் போடு"ன்னு சொன்னது யாரு, போட்டது யாருன்னு காட்ட அவர்கிட்ட ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. எல்லாம் வாய் வார்த்தை.

எங்க சீட்டுல ஒவ்வொரு ரூமோட வரம்பும் மேலயே அச்சாகும். காலையில குடுத்த மருந்துக்கு ஒரு சீட்டு. அது செலவாகி, செஞ்ச எண்ணிக்கையோட அந்தச் சீட்டு திரும்பி வந்தாத்தான் அதே ரூமுக்கு அடுத்த சீட்டு பிரிண்ட் ஆகும். ஒரு நாள் சீசன் அவசரத்துல உள்ள இருந்து ஆள் வந்து கூட மருந்து கேட்டப்போ போர்மேன் சொன்னாராம்: "எனக்கென்ன, குடுக்கலாம். ஆனா பொட்டி சீட்டு குடுக்க மாட்டேங்குதே." முதலாளி வீட்டு ஆள்கிட்ட முடியாதுன்னு சொல்ல அவருக்கு ஒரு வாய் கிடைச்சது! அன்னையிலிருந்து சாயங்காலம் சீட்டு தவறாம ஆபீஸ் வந்துச்சு.

இதுக்கும் எல்லை உண்டு. சீட்டு இல்லாம யாராவது வாளியில தூக்கிட்டுப் போனா கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்? அதே மாதிரி, உள்குத்தகை விட்டிருக்கிற இடத்துல உண்மையான ஆள் கணக்கைச் சிஸ்டத்துல ஏத்த முதலாளியே விட மாட்டார். அங்க எதிர்ப்பு தொழிலாளிகிட்ட இருந்து வர்றதில்ல, எஜமான்கிட்ட இருந்து வருது. அந்த மாதிரி இடத்துல ஈ.ஆர்.பி போட்டா பொய்க்கணக்கு ரொம்ப நேர்த்தியா இருக்கும், அவ்வளவுதான். என் கருத்து: அந்த வேலையை ஒத்துக்கவே கூடாது. "நாம இல்லேன்னா வேற ஒருத்தன் போடப் போறான்"னு என் நண்பர் ஒருத்தர் வாதாடுவார். போடட்டும்.

இப்ப கொஞ்சம் டெக்னிக்கல். (பிடிக்காதவங்க ஒரு பத்தி தாண்டிப் போகலாம்.) சிஸ்டத்தை நிஜமாவே பயன்படுத்துறாங்களா, இல்ல நமக்காக நடிக்கிறாங்களான்னு ஊழியர்கிட்ட கேட்டா "சூப்பரா இருக்கு சார்"னுதான் பதில் வரும். டேட்டாபேஸ்கிட்ட கேளுங்க. நாங்க போட்டது ஈ.ஆர்.பி நெக்ஸ்ட். அதுல ஒவ்வொரு பதிவுக்கும் ரெண்டு தேதி உண்டு. வேலை நடந்ததா எழுதின தேதி `posting_date`, உண்மையில டைப் அடிச்ச நேரம் `creation`. ரெண்டுக்கும் இடைவெளி பாருங்க:

```
SELECT owner,
       DATEDIFF(creation, posting_date) AS late,
       COUNT(*)
FROM `tabStock Entry`
GROUP BY owner, late;
```

`late` பெரும்பாலும் 0 அல்லது 1-னா பிழைச்சோம். 5, 4, 3, 2, 1, 0-ன்னு சமமாப் பரவியிருந்தா சனிக்கிழமை உக்காந்து ஒரு வாரத்தையும் மொத்தமா அடிச்சிருக்காங்க. அப்ப உண்மையான கணக்கு இன்னும் நோட்டுலதான் ஓடுது. இன்னொரு அடையாளம் எண்கள்ல. நிஜ உற்பத்தி 67, 71, 58-ன்னு கோணல்மாணலா வரும். 70, 70, 60-ன்னு உருண்டையா வந்தா அது யாரோ யோசிச்சு எழுதினது. ஆனா ஒண்ணு, இந்த ரிப்போர்ட்டை முதலாளி கையில குடுத்துடாதீங்க. திரும்பவும் "என்ன அண்ணாச்சி" ஆரம்பிச்சிடும். இது நமக்கான தெர்மாமீட்டர். காய்ச்சல் தெரிஞ்சா நாம போய்ப் பேசணும், எதனால சாயங்காலம் எழுத முடியலைன்னு. ஒரு ரூம்ல பார்த்தா வெறும் கண்ணாடிப் பிரச்சனை. சீட்டுல எழுத்து பொடிசா இருந்துச்சாம். எழுத்தைப் பெரிசாக்கினோம், முடிஞ்சது.

அடுத்து, எல்லா குடும்பக் கம்பெனிக்கும் உரிய பெருந்தலைவலி: சித்தப்பா. விற்பனை அவர் கையில. பட்டாசு விலைப்பட்டியல் பார்த்திருப்பீங்க, ஒரு விலையைப் போட்டு அதுல 80 சதவீதம் தள்ளுபடின்னு போட்டிருக்கும். வடக்கத்தி வியாபாரிக்கு ஒரு விலை, பழைய ஆளுக்கு ஒரு விலை, முன்பணம் குடுத்தவருக்கு ஒரு விலை. எல்லாம் சித்தப்பா தலைக்குள்ள. போன்ல "சரி, அனுப்பி வைக்கேன்"ன்னுவார். லாரி கிளம்பினதுக்கு அப்புறம் பில் போடச் சொல்லுவார். சிஸ்டத்துல வியாபாரிக்குக் கடன் வரம்பு போட்டிருந்தது. தாண்டினா பில் விழாது. சித்தப்பா சத்தம் போட்டார், கணக்கப்பிள்ளைக்கு அட்மின் பாஸ்வேர்டு குடுத்தாங்க, வரம்பைத் தூக்கிட்டு பில் போட்டார். ஒரே தடவைதான். ஆனா அந்த ஒரு தடவையை ஆபீஸ்ல எல்லாரும் பார்த்தாங்க. முதலாளி வீட்டுக்குச் செல்லாத சட்டம் எங்களுக்கு மட்டும் எதுக்குன்னு யாரும் வாய்விட்டுக் கேக்கல. செய்கையில காமிச்சாங்க.

இது நம்ம ஊர்ப் பிரச்சனை மட்டும்னு நினைக்காதீங்க. ஜெர்மனியில லிடில்னு ஒரு பெரிய கடைச் சங்கிலி, அதுவும் ஒரு குடும்பம் உருவாக்கின சாம்ராஜ்யம்தான். 2011-ல எஸ்.ஏ.பி வேலையை ஆரம்பிச்சு, சுமார் 50 கோடி யூரோ செலவுன்னு பேசப்பட்ட நிலையில 2018-ல கைகழுவிட்டாங்க. பரவலாச் சொல்லப்பட்ட காரணங்கள்ல ஒண்ணு, லிடில் சரக்கு இருப்பை வாங்கின விலையில மதிப்பிடும், அந்த மென்பொருளோட இயல்பு விற்பனை விலை. பழக்கத்தை மாத்த மாட்டோம், மென்பொருளை மாத்துன்னாங்க. மாத்தி மாத்தி அது யாராலயும் தூக்க முடியாத பாரமாச்சு.

சித்தப்பாவுக்கு நாங்க செஞ்சது ஒரு பாதி வைத்தியம்தான். விலையைப் பூட்டல. அவர் சொன்ன விலையே போகட்டும், ஆனா லாரி கிளம்புறதுக்கு முன்னாடி பதிவாகணும், 'சித்தப்பா சொன்னது'ன்னே ஒரு காரணக் குறியோட. அட்மின் பாஸ்வேர்டைத் திரும்ப வாங்கி பெரியவர்கிட்ட குடுத்தாச்சு. தீபாவளி முடிஞ்சு வசூலுக்குக் கிளம்புறப்போ யார் எவ்வளவு பாக்கி, எந்த விலைக்குப் பேசினதுன்னு ஒரே தாள்ல எடுத்துக் குடுத்தோம். "இந்த விலைக்கா பேசினோம்?"னு வியாபாரி இழுத்தா காட்டுறதுக்கு ஒரு ஆதாரம். அந்தத் தாளை மடிச்சு சட்டைப் பையில வச்சுக்கிட்டார். கம்ப்யூட்டரை இன்னும் தொட மாட்டார். தொட வேண்டாம்.

எப்ப ஆரம்பிக்கணும்ங்கறதைச் சொல்லாம விட்டா பாவம். அமெரிக்காவுல ஹெர்ஷே சாக்லேட் கம்பெனி கதை நம்ம துறையில பழைய கதை, ஆனா சிவகாசிக்கு அப்படியே பொருந்தும். 1999 ஏப்ரல்ல முடிய வேண்டிய வேலை இழுத்து ஜூலையில திறந்தாங்க. அவங்களுக்கு அக்டோபர்ல வர்ற ஹாலோவீன்தான் தீபாவளி மாதிரி. குடோன்ல சரக்கு இருக்கு, கடைக்குப் போக மாட்டேங்குது. சுமார் 10 கோடி டாலர் ஆர்டரை அனுப்ப முடியல. அதுல ஒரு சிக்கல், சீசன் நெரிசல்ல ஆளுங்க கிடைச்ச இடத்துல சரக்கை அடுக்கி வைக்கிற பழக்கம். அந்த இடமெல்லாம் அவங்க ஞாபகத்துல இருந்துச்சு, சிஸ்டத்துல இல்ல. படிக்கும்போது எனக்கு நம்ம போர்மேன் நோட்டுதான் ஞாபகம் வந்துச்சு.

நம்ம ஆலைங்களுக்கு ஆடிப்பெருக்குதான் வியாபாரத்தோட பிள்ளையார் சுழி. அன்னைக்குப் பூஜை போட்டு ஆர்டர் எடுக்க ஆரம்பிச்சா தீபாவளி வரைக்கும் யாருக்கும் மூச்சு விட நேரம் கிடையாது. அப்ப போய் "புது ஸ்க்ரீன் பாருங்க"ன்னா அடிக்க வருவாங்க. தீபாவளி முடிஞ்சு ஆலையை மூடி, இருப்பு எண்ணி, லீவு முடிஞ்சு திரும்பத் திறக்குற நாள்தான் சரியான நாள். சரக்கும் கம்மி, அவசரமும் கம்மி, எண்ணின கணக்கும் கையில சுடச்சுட இருக்கும். அதுலயும் எல்லா ரகத்தையும் ஒரே நாள்ல ஏத்த வேண்டாம். நாங்க ஒரே ஒரு வரிசை ரூமை மட்டும் எடுத்தோம். பேன்சி ரகம் பக்கமே முதல் வருஷம் போகல. அதுல ஒரு வெடிக்குள்ள அத்தனை உதிரி இருக்கு, செய்முறைப் பட்டியல் எழுதவே ஒரு சீசன் வேணும்.

நோட்டைப் பிடுங்கவும் இல்ல. எட்டு சனிக்கிழமை நோட்டும் ஓடுச்சு, சீட்டும் ஓடுச்சு. ஒவ்வொரு சனியும் ரெண்டையும் பக்கத்துல வச்சு, வித்தியாசம் வந்த ஆளுங்களை மட்டும் போர்மேனும் கணக்கப்பிள்ளையும் உக்காந்து பேசுவாங்க. நாங்க அந்த மேசையில உக்காரல, அதுல பிடிவாதமா இருந்தோம். சின்ன முதலாளியையும் உக்கார விடல. முதல் சனி அவருக்குக் கோபம், "என் ஆலையில நான் உக்காரக் கூடாதா?"ன்னு. பெரியவர் ஒரு பார்வை பார்த்தார், போயிட்டார். முதல் ரெண்டு வாரம் வித்தியாசம் எக்கச்சக்கம், பாதிக்கு மேல சீட்டுதான் தப்பு. ஒரே வீட்டுல இருந்து வர்ற அம்மாவும் மகளும் ஒரு பேர்ல எழுதிக்கிட்டு இருந்தது, தட்டுக் கணக்கு ரூமுக்கு ரூம் வேறயா இருந்ததுன்னு ஒவ்வொண்ணா வெளிய வந்துச்சு. ஆறாவது வாரம் ரெண்டே பேர்தான் வித்தியாசம். ஒன்பதாவது சனிக்கிழமை நோட்டு வரல. யாரும் வேண்டாம்னு சொல்லல, அவரா எழுதல. அந்த நோட்டு இப்பவும் அவர் பையில இருக்கு, எதுக்குன்னு நான் கேக்கல.

சித்தப்பா மாதிரி ஆளை முழுசா வழிக்குக் கொண்டு வந்தவங்க யாராவது இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க மக்கா. அடுத்த ஆடிக்குள்ள எனக்குத் தேவைப்படும்.